பில்லில் நூறு மூட்டை, ரசீதில் எத்தனை?

கோவைப் பக்கத்து நூல் மில் ஒன்றிலிருந்து, மகாராஷ்டிராவின் பிவண்டியில் விசைத்தறி ஓட்டும் ஒருவருக்கு நூறு மூட்டை பருத்தி நூல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 50 கிலோ, ஆக 5,000 கிலோ. கிலோ 250 ரூபாய் என்றால் சரக்கின் விலை 12,50,000. அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 62,500. பில் தொகை 13,12,500 ரூபாய். இந்த பில் ஒன்று கையில் இருந்தால் சரக்கு போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். லாரி டிரைவரின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பார்த்தால் பில்லோடு இன்னும் நாலைந்து காகிதங்கள் இருக்கும். இ-வே பில், லாரி ஆபீஸ் போட்டுக் கொடுத்த எல்.ஆர். என்கிற லாரி ரசீது, மில்லின் பேக்கிங் லிஸ்ட், எடைமேடைச் சீட்டு. விற்பனை இல்லாமல் சாயத்துக்கோ தறிக்கோ கூலி வேலைக்குப் போகும் சரக்கென்றால், பில்லுக்குப் பதிலாக டெலிவரி சலான்.

இத்தனை காகிதமும் ஒரே சரக்கைப் பற்றியவை. ஆனால் ஒரே ஆள் ஒரே நேரத்தில் எழுதியவை அல்ல, சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. பில்லை மில் ஆபீசில் கணக்கர் ஆர்டரைப் பார்த்துப் போடுகிறார். மூட்டையை அவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. பேக்கிங் லிஸ்டை குடோனில் இருப்பவர் எழுதுகிறார். இ-வே பில்லின் முதல் பகுதி பில்லிலிருந்து அப்படியே எடுக்கப்படுகிறது. வண்டி நம்பர் இருக்கும் இரண்டாம் பகுதியை, அதாவது பார்ட் பி-யை, லாரி கிடைத்த பிறகு டிரான்ஸ்போர்ட்காரர் நிரப்புகிறார். எல்.ஆர். புக்கிங் ஆபீசில் மூட்டை இறங்கும்போது எண்ணி எழுதப்படுகிறது. எடைமேடைச் சீட்டை எந்திரம் அடிக்கிறது. ஆளுக்கு ஒரு மூலையிலிருந்து எழுதியவை வழியில் எங்காவது ஒன்றுக்கொன்று முரண்பட்டால் யார் சொல்வதை நம்புவது?

முதலில் பயப்படத் தேவையில்லாத முரண்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பில்லில் 5,000 கிலோ, எல்.ஆரில் 5,150 கிலோ என்று இருக்கும். இது தவறே இல்லை. பில்லுக்குரியது நிகர எடை. நூல் சுற்றிய காகிதக் கோன், உள்ளே போடும் பாலிதீன், வெளிச்சாக்கு எல்லாம் சேர்ந்து மூட்டைக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ கூடும். லாரி ஆபீஸ் வாடகை போடுவது அந்த மொத்த எடைக்கு. நிகர எடையையும் மொத்த எடையையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் காட்டும் பேக்கிங் லிஸ்ட் உறையில் இருந்தால் இந்தக் கேள்வி எழுந்த இடத்திலேயே முடிந்துவிடும். அது இல்லாவிட்டால் 150 கிலோ நூல் பில் இல்லாமல் போகிறது என்று சந்தேகப்பட ஓர் அதிகாரிக்குக் காரணம் கிடைத்துவிடும்.

எடையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பருத்தி நூல் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கும், விடும். காய்ந்த நூலின் எடைக்கு மேல் 8.5 சதவீத ஈரம் என்று வைத்துத்தான் வியாபாரத்தில் எடை கணக்கிடுவார்கள். வறண்ட ஊர்களைத் தாண்டிப் போய் அது 7.5 சதவீதமாகக் குறைந்தால், ஒரு கோன்கூடத் திருடு போகாமலே 5,000 கிலோவில் சுமார் 46 கிலோ காணாமல் போகும். போதாததற்கு லாரி எடைமேடைகள் பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோ படியில்தான் எடை காட்டும். டீசல் தொட்டி நிறைந்திருந்ததா, டிரைவர் வண்டியில் இருந்தாரா என்பதெல்லாம் அதில் சேரும். அதனால் நூல் போன்ற சரக்கில் எடையை வைத்துச் சண்டை போடுவதில் பலனில்லை. மூட்டை எண்ணிக்கையும், சாக்கின் மேல் அச்சிட்ட லாட் நம்பரும், தையல் பிரிக்கப்படாமல் இருப்பதும்தான் நம்பத்தக்க சாட்சி.

இனி வழியில் நடப்பதற்கு வருவோம். மில்லிலிருந்து லாரி ஆபீஸ் வரை மூட்டைகள் சின்ன வண்டியில் வருகின்றன. ஒரே மாநிலத்துக்குள், 50 கிலோமீட்டருக்குள் என்றால் இந்தப் பயணத்துக்கு பார்ட் பி நிரப்பத் தேவையில்லை. டிரான்ஸ்போர்ட்காரர் பெரிய லாரியில் ஏற்றி, அதன் நம்பரை பார்ட் பி-யில் போட்ட நேரத்திலிருந்துதான் இ-வே பில்லின் ஆயுள் ஓடத் தொடங்குகிறது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. 2021 ஜனவரிக்கு முன்பு இது 100 கிலோமீட்டராக இருந்தது. பிவண்டிக்கு 1,300 கிலோமீட்டர் என்று வைத்தால் ஏழு நாள் கிடைக்கும்.

எல்.ஆர். போட்டுக் கொடுத்த டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் சொந்த லாரிதான் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. பாதிக்கு மேல் வாடகை லாரி. புரோக்கர் மூலம் அன்றைக்குக் கிடைத்த வண்டி. அதனால் கடைசி நேரத்தில் நம்பர் மாறுவது சர்வசாதாரணம். அவசரத்தில் 4512 என்பதை 4521 என்று தட்டிவிடுவதும் உண்டு.

இப்படிப்பட்ட சில்லறைத் தவறுகளுக்காக லட்சக்கணக்கில் பிடுங்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2018 செப்டம்பர் 14 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன் எண் 64/38/2018. லாரி ஆபீஸ் சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய காகிதம் அது. பெயரில் எழுத்துப் பிழை, ஆனால் ஜிஎஸ்டி எண் சரி. பில் நம்பரில் ஓரிரு இலக்கம் தவறு. வண்டி நம்பரில் ஓரிரு எழுத்தோ எண்ணோ தவறு. சரக்கின் எச்எஸ்என் குறியீட்டில் முதல் இரண்டு இலக்கமும் வரி விகிதமும் சரியாக இருந்து மற்ற இலக்கம் பிசகியது. இப்படிப்பட்டவை என்றால் சரக்கைப் பிடித்து வைக்கும் நடவடிக்கையைத் தொடங்கக் கூடாது. மொத்தமாக 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டுவிடலாம். நம்முடைய 4521 இதற்குள் அடங்கிவிடும். பின்கோடு தவறும் இந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. தவறான பின்கோடு தூரத்தைக் கூட்டிக் காட்டி, இ-வே பில்லுக்குக் கூடுதல் நாள் வாங்கித் தந்திருந்தால் அது சில்லறைத் தவறு ஆகாது.

நம் லாரி ஹூப்ளி அருகே ஆக்சில் உடைந்து நிற்கிறது. டிரான்ஸ்போர்ட்காரர் போனிலேயே பேசி வேறு லாரியைப் பிடிக்கிறார். ராத்திரியோடு ராத்திரியாக நூறு மூட்டையும் மாற்றி ஏற்றப்படுகிறது. டிரைவர் உறையை அடுத்த டிரைவரிடம் கொடுக்கிறார். பில் சரி, மூட்டை சரி, லாட் நம்பர் சரி. இ-வே பில்லிலும் எல்.ஆரிலும் மட்டும் பழைய லாரியின் நம்பர். மாற்றுவது எளிது. டிரான்ஸ்போர்ட்காரர் தன் லாகினில் போய், வண்டி பழுது என்ற காரணத்தைத் தேர்ந்து, புது நம்பரைப் போட்டால் சில நிமிடத்தில் முடியும் வேலை. காலையில் ஆபீஸ் திறந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். விடியற்காலையில் பறக்கும் படை கை காட்டுகிறது.

முழு வண்டி நம்பரே வேறு என்பதால் அந்த 1,000 ரூபாய்ச் சலுகை இதற்குப் பொருந்தாது. நிறுத்தப்பட்ட பிறகு அவசர அவசரமாகப் போனில் நம்பரை மாற்றுவதையும் அதிகாரிகள் பொதுவாக ஏற்பதில்லை. டிரைவரிடம் வாக்குமூலம் எழுதி வாங்குவார்கள். அந்தப் படிவம் MOV-01. மூட்டைகளை இறக்கி எண்ண உத்தரவு MOV-02. அன்றிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் சோதனையை முடிக்க வேண்டும். பிறகு சரக்கைப் பிடித்து வைக்கும் உத்தரவு MOV-06, காரணம் கேட்டு நோட்டீஸ் MOV-07. பிடித்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஏழு நாளுக்குள் இறுதி உத்தரவு MOV-09. ஆகக் கூடிப்போனால் பிவண்டித் தறிகள் ஏறக்குறைய இரண்டு வாரம் நூலுக்குக் காத்திருக்க வேண்டும்.

அந்த லாரியில் மற்ற வியாபாரிகளின் சரக்கும் இருக்குமே, அதற்கு என்ன கதி? தவறு எந்தச் சரக்கில் இருக்கிறதோ அதை மட்டும் பிடிக்க வேண்டும், மற்றதை விட்டுவிட வேண்டும் என்று 2018 ஜூனிலேயே வாரியம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டிரைவருக்கு இது தெரியாது. சரக்கு அனுப்பியவர் போனிலாவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆம் பிரிவுப்படி, சரக்கின் உரிமையாளர் முன்வந்தால் வரியின் இரண்டு மடங்கு அபராதம். நம் சரக்கின் வரி 62,500, அபராதம் 1,25,000. உரிமையாளர் முன்வராவிட்டால் சரக்கு விலையில் பாதி அல்லது வரியின் இரண்டு மடங்கு, இதில் எது அதிகமோ அது. விலையில் பாதி 6,25,000. இரண்டுக்கும் நடுவே ஐந்து லட்சம் ரூபாய் வித்தியாசம். யார் உரிமையாளர் என்பதை அதிகாரி எப்படி முடிவு செய்வது? சரக்கோடு பில்லோ அதற்குரிய ஆவணமோ இருந்தால், அனுப்பியவரையோ பெறுபவரையோ உரிமையாளராகக் கருத வேண்டும் என்கிறது 2018 டிசம்பர் 31 தேதியிட்ட இன்னொரு சுற்றறிக்கை. இ-வே பில் தவறாகிப் போன அந்த விடியற்காலையில், டிரைவரின் உறையில் கசங்கிக் கிடக்கும் பில் ஒன்றுதான் அந்த ஐந்து லட்சத்தைக் காப்பாற்றுகிறது. லாரி மாறும்போது மூட்டைகளை எண்ணும் அக்கறையோடு காகிதங்களையும் எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

பணத்தைக் கட்டியோ, அந்தத் தொகைக்குப் பத்திரமும் வங்கி உத்தரவாதமும் கொடுத்தோ சரக்கை மீட்கலாம். உத்தரவு கையில் கிடைத்த 15 நாளுக்குள் கட்டாவிட்டால் சரக்கை ஏலம் விடச் சட்டம் இடம் தருகிறது. லாரிக்காரர் தன் வண்டியை மட்டும் மீட்க வேண்டுமென்றால் அபராதத் தொகை அல்லது ஒரு லட்சம், எது குறைவோ அதைக் கட்டினால் போதும். மேல்முறையீடு செய்ய அபராதத்தில் 10 சதவீதம், நம் கணக்கில் 12,500 ரூபாய், முன்பணமாகக் கட்ட வேண்டும்.

அப்பீலில் ஜெயிக்க முடியுமா? ஏய்க்கும் நோக்கம் இல்லை என்று காட்ட ஆதாரம் இருந்தால் வழி உண்டு. ஹைதராபாத்தில் 2020 ஜனவரியில் சத்யம் சிவம் பேப்பர்ஸ் என்ற நிறுவனத்தின் காகிதச் சரக்கு ஓர் ஆட்டோவில் போனது. ஊர்வலத்தால் பாதை அடைபட்டு, இடையில் விடுமுறையும் வந்து, சரக்கு சேர்வதற்குள் இ-வே பில்லின் ஆயுள் முடிந்துவிட்டது. அதிகாரி சரக்கைப் பிடித்து 69,000 ரூபாய் வசூலித்தார். காலாவதியானதை மட்டும் வைத்து வரி ஏய்ப்பு என்று முடிவு கட்ட முடியாது என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-ல் சொல்லி, அரசுத் தரப்புக்கு 10,000 ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2022 ஜனவரியில் அங்கே இன்னும் 59,000 சேர்த்து விதிக்கப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. ஆனால் தீர்ப்பு வர இரண்டு வருடம் ஆனது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இ-வே பில் ஆயுள் முடிய எட்டு மணி நேரத்துக்கு முன்பிருந்து, முடிந்த பின் எட்டு மணி நேரம் வரை நீட்டித்துக்கொள்ள வசதி இருக்கிறது. அதைச் செய்வது வழக்கு நடத்துவதைவிட நல்லது.

நம் நூல் லாரிக்கு என்ன ஆதாரம்? பழைய லாரியின் சுங்கச்சாவடிப் பதிவுகள் ஹூப்ளியோடு நிற்கும். புது லாரியின் பதிவு அங்கிருந்து தொடங்கும். ஃபாஸ்டேக் கணக்கிலேயே இது தெரிந்துவிடும். மெக்கானிக் போட்ட பில், உடைந்த ஆக்சிலோடு நிற்கும் வண்டியின் நேரம் பதிந்த போட்டோ, இரண்டு டிரைவர்களும் கையெழுத்திட்ட சரக்கு மாற்றுக் குறிப்பு. இவற்றை நோட்டீசுக்குப் பதில் எழுதும்போதே இணைக்க வேண்டும். அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் பாதி மதிப்பு போய்விடும்.

ஒருவழியாக சரக்கு பிவண்டி போய்ச் சேர்கிறது. இறக்கி எண்ணினால் 98 மூட்டை. ஒரு மூட்டையின் தையல் பிரிந்து மறுபடி கையால் தைக்கப்பட்டிருக்கிறது. பில்லில் 100, எல்.ஆரில் 100, தரையில் 98. வரி அதிகாரிக்கு இதில் அக்கறை குறைவு. ஆனால் பணம் போட்டவருக்கு வேதனையான முரண்பாடு இதுதான், எல்.ஆர். தன் முழு பலத்தைக் காட்டுவதும் இங்கேதான்.

ஜிஎஸ்டி விதிப்படி டிரைவர் வைத்திருக்க வேண்டியவை பில்லும் இ-வே பில்லும்தான், எல்.ஆர். அந்தப் பட்டியலில் வராது. எல்.ஆருக்கு உயிர் கொடுப்பது சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007. அதன் 9-ஆம் பிரிவு, எல்.ஆரில் எழுதிய எடையும் விவரமும் மூட்டை எண்ணிக்கையும் முதல்நிலைச் சான்று என்கிறது. நூறு மூட்டை வாங்கிக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்த டிரான்ஸ்போர்ட்காரர், பிறகு தொண்ணூற்றெட்டுதான் ஏற்றினேன் என்று சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. இதனால்தான் புக்கிங்கில் எண்ணாமல் பில்லைப் பார்த்து எண்ணிக்கையை எழுதும் குமாஸ்தா தன் கம்பெனிக்கே வினை வைக்கிறார். எண்ணும்போது 98 என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்தி மில்லுக்குப் போன் போட வேண்டும். மீதி இரண்டு மூட்டை வந்து சேர வேண்டும்; அல்லது 24 மணி நேரத்துக்குள் இ-வே பில்லை ரத்து செய்து, பில்லைத் திருத்திப் புதிதாக எடுக்க வேண்டும்.

வாங்குபவர் செய்யும் மிகப் பெரிய தவறு டெலிவரி நேரத்தில் நடக்கிறது. டிரைவர் அவசரப்படுத்துவார், கூலியாட்கள் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், வாட்ச்மேன் எல்.ஆரில் கையெழுத்துப் போட்டு சீல் குத்திக் கொடுத்துவிடுவார். பாக்கி மூட்டைக்கு மறுநாள் போன் போட்டால், ‘எல்லாம் சரியாக வந்தது என்று உங்கள் ஆளே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே’ என்பார்கள். கையெழுத்துக்கு முன்பு எல்.ஆரின் எல்லாப் பிரதிகளிலும் எழுத வேண்டும்: நூறில் 98 மூட்டை மட்டும் வந்தது, இந்த லாட் நம்பர் மூட்டை பிரித்துத் தைக்கப்பட்டுள்ளது, அதன் எடை இவ்வளவு, தேதி, நேரம், லாரி நம்பர், டிரைவர் கையெழுத்து. டிரைவர் கையெழுத்துப் போட மறுத்தால் அதையும் எழுதிவிட்டு, அந்த நிமிடமே போட்டோ எடுத்து டிரான்ஸ்போர்ட்காரருக்கும் மில்லுக்கும் அனுப்ப வேண்டும்.

இரண்டு மூட்டையின் விலை 25,000, வரி 1,250. வாங்காத சரக்குக்கு வாங்குபவர் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. நஷ்டம் மில்லுடையது என்று இருவரும் ஒப்புக்கொண்டால் மில் 26,250 ரூபாய்க்கு கிரெடிட் நோட் போட்டு, டிரான்ஸ்போர்ட்காரரிடம் இழப்பீடு கேட்கும். அதில் ஓர் உச்சவரம்பு இருப்பது பலருக்குத் தெரியாது. சரக்கு அனுப்புபவர் கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டி விலையை அறிவித்திருந்தால் ஒழிய, டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்பு பொதுவாக லாரி வாடகையின் பத்து மடங்கு வரைதான். நூறு மூட்டைக்கு வாடகை 20,000 என்றால் இரண்டு லட்சம். இரண்டு மூட்டைக்கு அது தாராளம். லாரியே எரிந்துபோனால் பன்னிரண்டரை லட்சம் சரக்குக்கு இரண்டு லட்சம்தான் வரும். மீதியை மில்லோ வாங்குபவரோ எடுத்திருக்கும் காப்பீடுதான் தர வேண்டும். காப்பீட்டுக் கம்பெனியும் முதலில் கேட்பது குறை எழுதப்பட்ட அந்த எல்.ஆர். பிரதியைத்தான்.

பேச்சுவார்த்தையில் மாதங்கள் ஓடும். ‘பார்த்துக்கலாம் சார், அடுத்த டிரிப் வாடகையில கழிச்சுக்கலாம்’ என்று லாரி ஆபீசில் நல்லவிதமாகவே சொல்வார்கள். கழித்துக்கொடுத்தால் நல்லது. ஆனால் எழுத்துமூலமான நோட்டீசை உடனே கொடுத்துவிடுங்கள். எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காதவர் டிரான்ஸ்போர்ட்காரர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது அதே 2007 சட்டத்தின் 16-ஆம் பிரிவு. அதற்குத் தரப்படும் அவகாசம் 180 நாள். சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, எல்.ஆர். போட்ட நாளிலிருந்து.